கண்ணுக்குக் கீழே கருப்பு: கிரீம் வாங்கும் முன் மூக்கைக் கவனியுங்கள்

ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். "ஏனுங்க, கண்ணுக்குக் கீழ கருப்பு போறதுக்கு ஏதாச்சும் கிரீம் இருக்குதுங்களா?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது மூக்கைப் பற்றி. காலையில் எழுந்ததும் தும்மல் வருகிறதா? ராத்திரி ஒரு பக்கம் மூக்கு அடைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்களா? கண் அரித்துத் தேய்க்கிறீர்களா? கிரீம் கேட்டால் இவள் மூக்கைப் பற்றிக் கேட்கிறாளே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் என் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பில் பாதிக்கு மேல் போனது மூக்குக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான். அதனால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு அந்தக் கருப்பு உண்டு. "ராத்திரி நேரத்துல தூங்குடி" என்பதுதான் அம்மாவின் ஒரே வைத்தியம். தூக்கம் குறைந்தால் முகம் வெளிறும், கண்ணுக்குக் கீழே உள்ள இரத்தக்குழாய்கள் விரியும், அதனால் கருப்பு எடுப்பாகத் தெரியும். அது உண்மைதான். ஆனால் அப்படி வரும் கருப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் குறைந்துவிட வேண்டும். எனக்கு விடுமுறையில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் காலையில்தான் அதிகமாக இருந்தது. கருப்பு என்பதைவிட நீலம் கலந்த சாம்பல் நிறம். கீழ் இமை லேசாக உப்பியிருக்கும். பகல் ஏற ஏறக் குறையும். தோலுக்குள் படிந்த கருமை காலையில் கூடி மாலையில் குறையாது. தேங்கி நிற்கும் ஏதோ ஒன்றுதான் அப்படி மாறும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனது தும்மலுக்காக. அவர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்குக் கீழ இருக்கிறதும் இதோட சேர்ந்ததுதான்மா" என்றார். கீழ் இமைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஓடிய கோடுகளையும் காட்டி, அலர்ஜிக்காரர்களுக்கு இது சகஜம் என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கண்ணைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன இரத்தக்குழாய்களின் இரத்தம் மூக்கின் பக்கமாகவும் வடிகிறது. அலர்ஜியில் மூக்கின் உள்சவ்வு வீங்கினால் அந்த வடிகால் நெருக்கப்பட்டு, கால்வாய் அடைத்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்குவது போல இரத்தம் கண்ணுக்குக் கீழே தேங்கும். இமைத் தோல் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அது. அதனால் உள்ளே தேங்குவது நீலமாக வெளியே தெரிகிறது. படுத்திருக்கும்போது தேக்கம் கூடும், எழுந்து நடமாடினால் குறையும். காலையில் அதிகமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். மூக்கடைப்பில் தூக்கமும் கெடுவதால், தூக்கமின்மையைக் குறை சொல்பவர்கள் பாதி விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்றை எழுதிக்கொடுத்தார். புளூட்டிகசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் வருபவை இந்த வகை. ஒரு நாசிக்கு இரண்டு முறை, தினம் ஒரு வேளை என்பது எனக்குச் சொன்ன அளவு. இதில் நிறையப் பேர் தவறவிடும் இடம் அடிக்கும் முறை. தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்கு ஓடிக் கசக்கும், மூக்கில் தங்காது. தலையை லேசாக முன்னால் குனிந்து, இடது நாசிக்கு வலது கையாலும் வலது நாசிக்கு இடது கையாலும் பிடித்து, முனையை நடுத்தண்டுப் பக்கம் திருப்பாமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கி வைத்து அடிக்க வேண்டும். நடுத்தண்டிலேயே தினமும் பட்டால் அந்த இடம் புண்ணாகி இரத்தம் கசியும். அடித்த பிறகு பலமாக உறிஞ்சாமல் மெதுவாக மூச்சு இழுத்தால் போதும்.

இன்னொன்று, இந்த ஸ்ப்ரே அன்றைக்கே மூக்கைத் திறந்துவிடாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். நான்கு நாள் அடித்துப் பார்த்து, "வேலை செய்யலைங்க" என்று சொல்லி, உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துக்கு மாறுபவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். ஆனால் நான்கைந்து நாளைத் தாண்டித் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழ் தேக்கமும் கூடவே திரும்பும்.

வீட்டில் மாற்றியது முக்கியமாகப் படுக்கையை. எனக்கு அலர்ஜி தூசிப்பூச்சிக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத டஸ்ட் மைட்டுக்கு. அது மெத்தையிலும் தலையணையிலும்தான் குடியிருக்கும். மெத்தையை வெயிலில் போட்டால் ஈரம் போகும், பூச்சியும் ஓரளவு சாகும். ஆனால் அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் கழிவு. அது வெயிலில் அழியாது. அதனால் பல வருஷப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப்போட்டு, துவைக்கக்கூடிய தலையணை வாங்கினேன். உறைகளையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை கொதிநீர் கலந்து ஊறவைத்துத் துவைக்கிறோம். தண்ணீர் 60 டிகிரி சூட்டில் இருந்தால் பூச்சி செத்துவிடும், கழிவும் துணியோடு தங்காமல் போய்விடும். கொசுவர்த்திச் சுருளைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றிவிட்டோம். அந்தப் புகையும் மூக்குக்கு ஆகாது. இதெல்லாம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது, காலையில் எழுந்ததும் தெரியும் அந்த நீலமும் உப்பலும் நன்றாகவே இறங்கியிருந்தன. கண்ணுக்குக் கீழே அதுவரை ஒரு கிரீமும் போடவில்லை.

ஆனால் முழுக்கப் போகவில்லை. நீலம் வடிந்த பிறகு, அதற்கு அடியில் பழுப்பாக ஒன்று மிச்சம் நின்றது. வருஷக்கணக்காகக் கண்ணைத் தேய்த்ததன் விளைவு அது. தோலைத் தேய்க்கத் தேய்க்க அது உள்ளுக்குள் வெந்து, நிறமியை அதிகமாகச் சுரந்து வைத்துக்கொள்ளும். நம் மாநிறத் தோலில் இது சீக்கிரம் படியும், மெதுவாகத்தான் கரையும். சில குடும்பங்களில் தேய்க்காமலேயே இப்படி நிறமி வரும். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மேல் இமையும் சேர்ந்து கருத்திருக்கும், அது பிறப்போடு வந்தது. கிரீமுக்கு வேலை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

எது நீலம், எது நிறமி, எது வெறும் நிழல் என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். பகலில் ஜன்னலுக்கு எதிரே நின்று, வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி கண்ணாடி பாருங்கள். அப்புறம் தலைக்கு நேர் மேலே விளக்கு எரியும் இடத்தில் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மறைந்து, மேல் விளக்கில் மட்டும் கருப்பாகத் தெரிந்தால் அது நிழல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே குழி இருக்கிறது, அல்லது மேலே ஏதோ பிதுங்கி நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து, கீழ் இமைத் தோலை ஒரு விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். நிறமியாக இருந்தால் நிறம் அப்படியே தோலோடு நகரும், வெளுக்காது. இரத்தக்குழாய் தெரிவதாக இருந்தால், தோல் இன்னும் மெலிந்து நீலமோ ஊதாவோ கூடும். நிழலாக இருந்தால் மறையும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்றும் கலந்துதான் இருக்கும், எனக்கே இரண்டு இருந்தது. ஆனாலும் எது அதிகம் என்று தெரிந்தால் எதில் பணம் போடலாம் என்று தெரிந்துவிடும்.

என் அக்காவின் விஷயம் வேறு. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, பள்ளி ஆசிரியை. இரண்டு கண்ணுக்கும் கீழே பை போலத் தொங்கும். எங்கள் அப்பாவின் பழைய போட்டோவிலும் அதே பை இருக்கிறது. காபின் சேர்த்த ரோல்-ஆன், பெப்டைடு கிரீம் என்று விளம்பரத்தில் பார்த்ததை எல்லாம் அவள் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளை நேராக உட்காரவைத்து, முகத்தைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே உருட்டச் சொன்னேன். பை இன்னும் முன்னால் வந்தது. கீழே பார்க்கச் சொன்னேன், உள்ளே போனது. காலை, மதியம், இரவு என்று ஒரே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துப் பார்த்ததில் காலையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ராத்திரியிலும் பை அங்கேயே இருந்தது. நீர்க்கோப்பாக இருந்தால் பகலில் வடிந்திருக்கும். இது கொழுப்பு.

கண் விழிக்கு மெத்தை போலக் குழிக்குள் எல்லோருக்கும் கொழுப்பு உண்டு. கீழ் இமைக்குப் பின்னால் அது மூன்று பொட்டலங்களாக இருக்கிறது. அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய சவ்வு. வயது ஏற ஏறச் சவ்வு தளர்ந்து கொழுப்பு முன்னால் பிதுங்கும், சில குடும்பங்களில் இளம் வயதிலேயே பிதுங்கும். கிரீம் போய்ச் சேர்வது தோலின் மேல் அடுக்குகளுக்கு. கொழுப்பு இருப்பதோ தோலையும் தசையையும் சவ்வையும் தாண்டி. எந்த விலைக் கிரீமும் அதைக் கரைக்காது, உள்ளே தள்ளாது. இதை அக்காவிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாதாமாதம் சம்பளத்திலிருந்து அவள் செலவழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

கோயம்புத்தூரில் இமை அறுவை செய்யும் கண் டாக்டர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவரும் அக்காவை அதே மாதிரி மேலே பார்க்கச் சொல்லித்தான் தொடங்கினார். இமையின் உள்பக்கமாகக் கீறி, அதிகக் கொழுப்பை எடுக்கலாம் அல்லது கீழே உள்ள குழிக்குள் நகர்த்தி நிரப்பலாம், வெளியே தழும்பு தெரியாது என்றார். இரண்டு வாரம் வரை கன்றிப்போய் வீங்கியிருக்கும். ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். இமை கீழே இழுபடலாம், கண் வறட்சி கூடலாம், மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வைக்கே ஆபத்து வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. அக்கா யோசித்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு என் முகம் பழகிப்போச்சு, எனக்கு வேண்டாம்டி" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. காலையில் கூடும் அந்தச் சின்ன வீக்கத்துக்கு மட்டும், ராத்திரிச் சாப்பாட்டில் ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கிறாள். எழுந்ததும் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைக்கிறாள். அந்த அளவுக்குப் பலன் இருக்கிறது.

இனி கிரீம்கள். காபின் இரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் நீர்க்கோப்பும் நீலமும் சில மணி நேரம் குறைந்தது போலத் தெரியலாம். அதிலும் ஜெல்லின் குளிர்ச்சியே பாதி வேலையைச் செய்கிறது. முக்கியமான விசேஷத்துக்குப் போகும் காலையில் போடலாம், நிரந்தர மாற்றம் எதிர்பார்க்கக் கூடாது. ஹயலுரானிக் அமிலம் தோலில் ஈரத்தைப் பிடித்து மெல்லிய சுருக்கத்தை நிரப்பும், கருப்பைத் தொடாது. ரெட்டினால் பல மாதத்தில் தோலைக் கொஞ்சம் தடிமனாக்கும், அதனால் உள்ளே உள்ள நீலம் சற்று மறையும். ஆனால் இமையருகே அது சீக்கிரம் எரிச்சல் தரும், எரிச்சல் வந்தால் நிறமி கூடும். அதனால் மிகக் குறைந்த வீரியத்தில், வாரம் இரண்டு இரவு என்று தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் தொடவே கூடாது.

எனக்கு மிச்சம் நின்ற பழுப்புக்குத் தோல் டாக்டர் சொன்னது நயசினமைடு சேர்ந்த கண் கிரீம், பகலில் சன்ஸ்கிரீன். அத்தோடு கண்ணைத் தேய்க்கும் பழக்கத்தை நிறுத்த, அரிப்புக்கு ஓலோபட்டடின் சொட்டு மருந்தும் எழுதினார். மூன்றில் சொட்டு மருந்துதான் முக்கியம் என்று நினைக்கிறேன். தேய்ப்பது நிற்காமல் கிரீம் போடுவதில் அர்த்தமே இல்லை. சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு வகை கண்ணில் அவ்வளவாக எரியாது. கிரீம் ஒரு கண்ணுக்கு ஓர் அரிசி அளவு போதும். இமை முடிக்குப் பக்கத்தில் வைக்காமல், விரலால் தொட்டால் தட்டுப்படும் எலும்பின் மேல் வைத்து ஒற்ற வேண்டும். மிச்ச தூரத்துக்கு அது தானாகவே பரவும். புதுக் கிரீம் எதையும் முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் போட்டுப் பார்க்கிறேன். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கியது, இன்றைக்குப் பழுப்பு பாதியளவுக்குக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் குறையும் என்று டாக்டரும் வாக்குக் கொடுக்கவில்லை. எலுமிச்சைச் சாறு, பற்பசை என்று வீட்டில் தடவுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அவை இமைத் தோலைப் புண்ணாக்கும், ஆறும்போது அந்த இடம் இன்னும் கருக்கும்.

இமை திடீரென்று சிவந்து செதிலாகி அரித்தால் கண்ணில் போட்டதை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நகப்பூச்சு, தலைமுடிச் சாயம் இரண்டும் இமையில் அலர்ஜியைக் கிளப்பும். நகப்பூச்சு போட்ட விரல் கண்ணைத் தொட்டாலே போதும். விரலில் ஒன்றும் இருக்காது, மெல்லிய இமைதான் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது மூன்று மருந்து கலந்த ஒரு வகைக் கிரீம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. முகக் கருப்புக்குத் தோல் டாக்டர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதுவது இது. ஆனால் தோழி சொன்னாள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று ட்யூபின் படத்தைச் செல்போனில் காட்டிக் கேட்பவர்கள் நிறைய. தோலில் போடும் ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்டது. நான் சீட்டு இல்லாமல் தருவதில்லை. முதல் சில வாரம் அது அற்புதமாக வெளுக்கும், ஏமாறுவதே அதில்தான். பிறகு இமைத் தோல் இன்னும் மெலிந்து, உள்ளே உள்ள இரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். நிறுத்தினால் எரிச்சலோடு கருப்பு திரும்பும். மாதக்கணக்கில் இமையில் தடவினால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் காட்டுங்கள், கண் அழுத்தத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அலர்ஜி என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாத வீக்கங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, காய்ச்சலோ, கண்ணை அசைத்தால் வலியோ, இரட்டைப் பார்வையோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு முகமே உப்பி, உடம்பு கனத்து, எப்போதும் குளிர்வது போல இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். விழி முன்னால் பிதுங்குவது போலத் தெரிந்தாலும் அப்படித்தான். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு அம்மா ஐந்து வயதுப் பையனுக்கு அலர்ஜி சிரப் கேட்டு இரண்டாவது முறையாக வந்தார். காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம், சாயங்காலம் இறங்கிவிடுகிறது என்றார். தும்மல் இல்லை, அரிப்பு இல்லை. "ஒண்ணுக்குப் போனா நுரையா நிக்குதுங்களா? சாயங்காலம் காலு வீங்குதுங்களா?" என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார். சிரப் தராமல் குழந்தை டாக்டரிடம் அனுப்பினேன். சிறுநீரில் புரதம் நிறையப் போய்க்கொண்டிருந்தது, சிறுநீரகத்தில் கோளாறு. காலையில் கண்ணிலும் மாலையில் காலிலும் வீக்கம் இடம் மாறினால், கண்ணுக்கு எதையும் தடவுவதற்கு முன் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். எந்தச் சின்ன லேபிலும் சொற்பச் செலவில் அதை எடுத்துவிடலாம், காலையில் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்தால் போதும்.